ஓரத்தில் 41 குறிப்புகள்

காலபோக அறுவடை முடிந்து, விறாந்தையில் நெல் மூடைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு மாசிப் பின்னேரம் அந்த மின்னஞ்சல் வந்தது. 2018 டிசம்பரில் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் நிறைந்து வான் பாய்ந்து, முரசுமோட்டைப் பக்கம் வயல்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் வெள்ளம் ஏறிய இரவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி, சென்னையில் இருந்து வரும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஆசிரியர் எழுதியிருந்தார். கூடவே ஒரு கோப்பையும் இணைத்திருந்தார். திறந்து பார்த்தால் வலது ஓரம் முழுக்க நிறப் பெட்டிகள். எண்ணிப் பார்த்தேன், 41 குறிப்புகள். அச்சுப் பக்கங்கள் அளவானவை என்பதால் 3,800 சொற்களை 3,000 ஆக்கித் தரவேண்டும் என்று கீழே ஒரு வரியும் இருந்தது.

அன்றிரவு நான் செய்தது பிழையான வேலை. முதல் குறிப்பில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் எழுதிக்கொண்டு போனேன். பதினெட்டாவது குறிப்பு வரை வந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். எழுதிய பதில்களில் பாதிக்கு மேல் ஒரே பதில்: ‘எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்.’ அதை அனுப்பவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுத்தேன்.

எழுதுகிறவர்கள் ஆசிரியரின் குறிப்புகளை மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். கட்டாயம் திருத்த வேண்டியவை ஒரு பக்கம், பேசிப் பார்க்க வேண்டியவை இன்னொரு பக்கம், ஆளுக்கு ஆள் மாறும் ருசி மூன்றாவது பக்கம். பெயரளவில் எனக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் பிரிப்பதில்தான் தவறு நடக்கிறது. மனம் நொந்த நேரத்தில் பிரித்தால் எல்லாம் ருசிப் பக்கம் போய் விழும். அந்த ஆசிரியரின் மேல் பெரிய மதிப்பு இருந்தாலோ எல்லாம் கட்டாயப் பக்கம் போகும். இரண்டிலும் கட்டுரை கெடுகிறது.

இரண்டு நாள் விட்டு, கிளிநொச்சி ரவுணில் ஒரு கடையில் முழுக் கோப்பையும் ஓரக் குறிப்புகளோடு அச்செடுத்தேன். அசல் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு அதன் பிரதி ஒன்றில்தான் வேலை செய்தேன். அவர் செய்த மாற்றங்களை எல்லாம் ஒரேயடியாக ஏற்கிற `Accept All` என்ற பொத்தானை எந்த நிலையிலும் அழுத்துவதில்லை என்றும் முடிவு செய்தேன். ஒரு கொப்பியில் ஐந்து நிரல் கீறினேன். குறிப்பின் இலக்கம், அவர் எழுதியது, அதில் உள்ள பிரச்சினை என் சொற்களில், எந்தப் பக்கம், நான் என்ன செய்தேன்.

இந்த ஐந்தில் மூன்றாவது நிரல்தான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. அவர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதாமல், ‘இந்த இடத்தில் வாசிக்கிறவருக்கு என்ன நடந்தது?’ என்று என் சொல்லில் எழுதவேண்டும். அப்படி எழுதத் தொடங்கியதும் ஒன்று தெரிந்தது. பல குறிப்புகளில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்று, ‘இங்கே எனக்கு இடறுகிறது’ என்பது. மற்றது, ‘ஆகவே இப்படி மாற்றுங்கள்’ என்பது. இவை இரண்டும் ஒரே பக்கத்தில் விழ வேண்டும் என்று இல்லை. சில குறிப்புகளுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகளே இருந்தன. அவற்றையும் பிரித்தபோது 41 குறிப்பு 46 ஆயிற்று.

அதற்கு நல்ல உதாரணம் தலைப்பிலேயே இருந்தது. ‘வான் பாய்ந்த இரவு’ என்று வைத்திருந்தேன். கட்டுரைக்குள்ளும் அந்தச் சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. ஆசிரியரின் குறிப்பு இது: “வான் பாய்ந்தது என்றால் வானம் பிளந்து மழை கொட்டியது என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில்தான் சந்தேகம் வந்தது. எல்லா இடத்திலும் ‘வெள்ளம் வந்தது’ என்று மாற்றிவிடலாமா?”

முதல் இரவில் இதற்கு நான் கோபமாக எழுதிய பதில் இருக்கிறது. வான் என்பது எங்களுக்குக் குளத்தின் மேலதிக நீர் வழிகின்ற இடம். தமிழ்நாட்டில் கலிங்கு என்பார்கள். கனகராயன் ஆறு நிறைந்து வந்து, குளம் கொள்ளளவை எட்டி, வானால் தண்ணீர் விழத் தொடங்கினால் வன்னியில் சனம் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்ற செய்தி அது. ‘குளம் வான் பாயுதாம்’ என்று யாரும் துக்கத்தோடு சொல்வதில்லை. அந்த மகிழ்ச்சியான சொல்லே அன்று இரவு பயத்தோடு சொல்லப்பட்டது என்பதுதான் என் கட்டுரையின் உயிர். ‘வெள்ளம் வந்தது’ என்று போட்டால் அது போய்விடும்.

என் பதில் சரியானதுதான். ஆனால் நான் அவருடைய மருந்துக்கு மட்டுமே பதில் சொல்லியிருந்தேன், நோயைப் பார்க்கவில்லை. வாசிக்கிற ஒருவர் மூன்றாம் பக்கம் வரை பிழையான பொருளோடு வந்திருக்கிறார். அது ருசியும் அல்ல, விவாதமும் அல்ல. விளங்காமல் போனது ஒரு உண்மை. அந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பெரும்பாலானோருக்கும் அதுதான் நடக்கும். ஆகவே கொப்பியில் இப்படி எழுதினேன்: பிரச்சினை கட்டாயம் திருத்த வேண்டியது, அவர் சொன்ன வழி பேசிப் பார்க்க வேண்டியது.

திருத்தமும் அதிலிருந்தே வந்தது. பக்கத்து வயல்காரர் போனில் சொல்லும் இடத்தை இப்படி மாற்றினேன்: “‘குளம் வான் பாயுது’ என்றார். மற்ற வருசங்களில் என்றால், நிறைந்த குளத்தின் மேல்நீர் வழிவதைப் பார்க்க வா என்று கூப்பிடுகிற குரல் அது.” அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ தேவைப்படவில்லை. ஒரு வாக்கியத்தில் பொருளும் விளங்குகிறது, அந்தச் சொல் சுமக்கிற மகிழ்ச்சியும் வந்துவிடுகிறது. மற்ற எட்டு இடத்திலும் சொல் அப்படியே நின்றது.

கட்டாயம் திருத்த வேண்டியது எது என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி எளிமையானது. இந்தக் குறிப்பை நான் கணக்கில் எடுக்காவிட்டால் ஏதாவது ஒன்று பிழையாக அச்சாகுமா, யாருக்காவது பாதிப்பு வருமா, அல்லது வாசகர் வழி தவறுவாரா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் அது கட்டாயம். சொன்ன விதம் எனக்குப் பிடித்ததா இல்லையா என்பதற்கு இங்கே வேலை இல்லை. பக்க அளவையும் இதில்தான் சேர்க்க வேண்டும். ஆறு பக்கம் என்றால் ஆறு பக்கம்தான்.

அந்த வகையில் விழுந்த ஒன்றை முதலில் நான் ருசி என்று ஒதுக்கியிருந்தேன். ‘அமாவாசை இருட்டில் வரம்பு தெரியாமல் நடந்தோம்’ என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் அவர், “அன்று அமாவாசையா? பார்த்துவிடுங்கள்” என்று மட்டும் கேட்டிருந்தார். இது ஒரு உவமை, கும்மிருட்டு என்று சொல்ல எல்லோரும் பாவிக்கிற தொடர், இதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பார்களா என்று நினைத்தேன். ஆனால் கட்டுரையில் நாளைக் குறிப்பிட்டிருந்தேன்: 2018 டிசம்பர் 21 இரவு. பழைய கலண்டரை எடுத்துப் பார்த்தேன். 22ஆம் திகதி சனிக்கிழமை, போயா. அமாவாசையும் இல்லை, அதற்கு நேர் எதிரான முழுநிலவுக்கு முதல் நாள் இரவு அது.

நாள் சொல்லாத கதை என்றால் அந்த வரி நின்றிருக்கும். நாள் சொல்லி, ‘நடந்தது இது’ என்று எழுதிய கட்டுரையில் அது பொய்த் தகவல். வெள்ளத்தில் நின்ற யாராவது ஒருவர் அதை வாசித்து, அன்று போயாவுக்கு முதல் நாள் அல்லவா என்று நினைத்தால், அதன் பிறகு நான் சொல்கிற தண்ணீர் மட்டத்தையும் அவர் நம்பமாட்டார். ஆகவே மாற்றினேன். “மறுநாள் பௌர்ணமி. முகில் விலகியிருந்தால் வரம்பெல்லாம் தெரிந்திருக்கும். விலகவில்லை.” எழுதிய பிறகுதான் எனக்கே அந்த இரவு திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. இருட்டு கறுப்பாக இருக்கவில்லை. முகிலுக்குப் பின்னால் ஒரு சாம்பல் வெளிச்சம் இருந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில் தண்ணீர் பரந்திருந்தது தெரிந்தது, வரம்புதான் தெரியவில்லை. அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

அந்த இடத்தில் எங்கள் சொல் ‘பறுவம்’. நான் ‘பௌர்ணமி’ என்றுதான் போட்டேன். பறுவம் என்று எழுதியிருந்தால் தமிழ்நாட்டில் உள்ளவர்கள் பருவம் என்று வாசித்து எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். வானுக்குக் கொடுத்ததைப் போல இதற்கும் ஒரு விளக்கம் கொடுக்கலாம்தான். ஆனால் அதனால் கட்டுரைக்குக் கிடைப்பது என்ன? பௌர்ணமி என்று சொன்னால் ஒரு பொருளும் குறையவில்லை. ஊர்ச்சொல் என்பதற்காகவே எல்லாவற்றையும் பிடித்து நிற்கக்கூடாது என்பதை நான் இந்தக் கொப்பியில் இருந்துதான் படித்தேன். மாற்றினால் என்ன இழப்பு என்று சொல்ல முடிந்தால் நிற்கலாம். சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடலாம். ‘துருசு’ என்பதை அவர் துரு என்று வாசித்திருந்தார். விவரிப்பில் அதை ‘மதகு’ ஆக்கினேன், பேச்சில் மட்டும் துருசு நின்றது. ‘அப்பப்பா’வைத் ‘தாத்தா’ ஆக்கச் சொன்னதை ஏற்கவில்லை. தாத்தா என்றால் அப்பாவின் அப்பாவா, அம்மாவின் அப்பாவா என்று தெரியாது. எங்கள் காணி வந்த வழியே அப்பாவின் பக்கத்தால்தான். தமிழ்நாட்டில் சில வாசகர்கள் ‘அப்பப்பா’வை வியப்புச் சொல்லாக வாசிப்பார்கள் என்று அவர் சொன்னது உண்மை. அதனால் முதல் தடவை வரும் இடத்தில் ‘அப்பாவின் அப்பா, என் அப்பப்பா’ என்று வைத்தேன்.

கட்டாயப் பக்கத்தில் இன்னொன்று. 1962இல் அப்பப்பா ‘கிளிநொச்சி மாவட்டத்துக்கு’ வந்து காடு வெட்டினார் என்று எழுதியிருந்தேன். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி. நான் பிறந்ததில் இருந்து கிளிநொச்சி மாவட்டம் என்றே கேட்டு வளர்ந்ததால் கை தானாக எழுதிவிட்டது. ‘மாவட்டத்துக்கு’ என்பதை வெட்டினேன். ஒரு சொல்தான், வேலை முடிந்தது.

மூன்றாவது ஒன்று கொஞ்சம் கனமானது. போனில் பேசிய பக்கத்து வயல்காரரின் பெயரையும், அவருக்கு எத்தனை மாடு போனது, இழப்பீட்டு விண்ணப்பத்தில் என்ன எழுதினார் என்பதையும் விவரமாக எழுதியிருந்தேன். “இதை வெளியிட அவர் சம்மதித்தாரா?” என்று ஒரே ஒரு வரி ஓரத்தில் இருந்தது. நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, சின்ன வயதில் இருந்து பழகியவர் என்பதால். மறுநாள் காலை வாய்க்கால் கரையால் போய் அவரைக் கண்டு, அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“என்ர பேரைப் போடாத தம்பி. அந்த விண்ணப்பக் கதையையும் எடுத்துவிடு. இன்னும் முடியாத விசயம் அது” என்றார். பிறகு, “மாட்டின்ர பேரை வேணுமெண்டால் போடு. அதுகளைப் பற்றி ஆர் எழுதப் போறாங்கள்” என்றார்.

இரண்டு பந்தி போயிற்று. அவருடைய பசுக்கள் நான்கின் பெயரும் உள்ளே வந்தன. அவர் நிறையத் தயங்கியிருந்தால், அந்தப் பகுதி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் முழுவதையும் எடுத்திருப்பேன். இந்த வகைக் குறிப்புக்கு விவாதம் என்பதே கிடையாது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். ஆசிரியர் மிக உறுதியாகச் சொல்வதெல்லாம் கட்டாயம் ஆகிவிடாது. ‘சிறுபோகம்’ என்று நான் எழுதிய மூன்று இடத்திலும் அவர் வெட்டிக் ‘குறுவை’ என்று போட்டிருந்தார். கேள்விக்குறி கூட இல்லை. காவிரிப் படுகைக்கு அது சரியான சொல். எங்களுடையது வேறு கணக்கு. மாரி மழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது காலபோகம். சித்திரை வாக்கில் தொடங்குகிற சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம் என்று குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். அதனால்தான் டிசம்பரில் குளம் நிறைவது வருகிற போகத்துக்கு நல்ல செய்தியாகவும், குடலைப் பருவத்தில் நிற்கிற பயிருக்குக் கெட்ட செய்தியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. குறுவை என்று போட்டால் இந்த முடிச்சே அவிழ்ந்துவிடும். இப்படி ஒரு திருத்தம் உண்மையைப் பிழையாக்குகிறபோது, மறுப்பதும் கட்டாயப் பக்கத்து வேலைதான். மேலே எழுதிய இந்த விளக்கத்தை அப்படியே நான்கு வரியில் அனுப்பினேன். ‘நாங்கள் இப்படித்தான் சொல்வோம்’ என்று எழுதியிருந்தால் அது பிடிவாதமாகப் போயிருக்கும்.

பேசிப் பார்க்க வேண்டியவற்றில் பெரியது கட்டுரையின் தொடக்கம். இரணைமடு எப்படிக் கட்டப்பட்டது, அப்பப்பா எப்படி வந்தார், துருசு திறக்கிற நாளில் வாய்க்கால் ஓரம் எப்படி இருக்கும் என்று மூன்று பந்தி, ஏறக்குறைய 600 சொல். அதன் பிறகுதான் போன் அடிக்கிறது. ஆசிரியரின் குறிப்பு: “முதல் மூன்று பந்திகளையும் எடுத்துவிட்டுப் போன் அழைப்பிலிருந்து தொடங்குங்கள்.”

இதில் யார் சரி என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாதபோது இரண்டு பேரின் ருசியையும் தள்ளிவைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கிற இருவருக்கு முதல் இரண்டு பக்கங்களை மட்டும் கொடுத்தேன். நல்லதா கூடாதா என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் ‘இனி என்ன நடந்தது’ என்று அறிய ஆசை வந்ததோ அங்கே ஒரு கோடு போடச் சொன்னேன். இருவரும் போன் அடிக்கிற இடத்தில்தான் போட்டார்கள். அதற்கு முந்திய பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. நோய் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

பிறகு மருந்தைச் சோதித்தேன். மூன்று பந்தியையும் எடுத்துவிட்டு, கட்டுரையை ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தேன். தொடக்கம் நன்றாக ஓடியது. ஆனால் நடுவில், வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிற இடத்தில் எல்லாம் தொய்ந்துபோனது. கதவைத் திறந்தால் தண்ணீர் எந்த வழியால் எங்கே போகும், ஏன் எங்கள் பக்கம் வரும் என்பது வாசகருக்குத் தெரியாது. அப்பப்பா சொல்லித் தந்த அந்த நிலத்தின் சரிவு, வெட்டிய பந்திக்குள் போய்விட்டது.

ஆகவே மூன்றாவது ஒரு வழி. போன் அழைப்பில் தொடங்குவது. 600 சொல்லை 180 ஆக்குவது. குளம் கட்டின வரலாறு முழுவதும் வெளியே. அப்பப்பா என்னை அலைகரைக்குக் கூட்டிப்போய், நிறைகுளம் வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் இறங்கும் என்று கையால் காட்டிய ஒரு காட்சி மட்டும். அதைக் கதவு திறந்த செய்திக்கும், நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கும் இடையில் வைத்தேன். ஆசிரியருக்கு எழுதியதும் இதே ஒழுங்கில்தான்: நீங்கள் சொன்ன தாமதம் உண்மை, முழுக்க எடுத்துப் பார்த்தேன், இந்த இடத்தில் இப்படி உடைகிறது, ஆகவே இப்படிச் செய்திருக்கிறேன், பாருங்கள். ‘முடியாது’ என்று எழுதாமல், செய்து காட்டி அனுப்பினால் பேச்சு சுருக்கமாக முடிகிறது. அவர் ஒரே நாளில் சம்மதித்தார்.

ருசிப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘ஆனால்’ என்பதை ‘எனினும்’ ஆக்கியிருந்தார், ‘மிக’வை நான்கு இடத்தில் வெட்டியிருந்தார், ஓரிடத்தில் பந்தியைப் பிரித்திருந்தார். இவற்றுக்கு நான் கேட்கிற கேள்வி: இரண்டு விதத்திலும் ஒரே பொருள்தானா, ஒரே ஓசைதானா? ஆம் என்றால் அவர் விருப்பப்படியே விட்டேன். அது அவருடைய சஞ்சிகை, மற்றக் கட்டுரைகளோடு ஒத்துப் போகவேண்டும். எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறியும் கூட அப்படித்தான். இதில் சண்டை பிடித்தால், உண்மையாக நிற்க வேண்டிய இடத்தில் நம் குரலுக்குப் பலம் இருக்காது.

ஆனால் ருசிப் பக்கத்தில் போட்டவற்றை ஒருமுறை திரும்ப வாசிக்க வேண்டும், தனித்தனியாக அல்ல, கூட்டமாக. நான் அப்படிப் பார்த்தபோது, ஏழு குறிப்புகள் வாக்கியத்தை உடைக்கச் சொல்பவையாக இருந்தன. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் ருசி. ஏழும் சேர்ந்தால் அது வேறு. அதிலும் ஐந்து ஒரே பக்கத்தில், நாங்கள் வயதானவர்களைப் படகில் ஏற்றுகிற காட்சியில். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். ‘கொண்டு, கொண்டு’ என்று வினையெச்சமாக அடுக்கி, ஐந்து வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி. யார் யாரைத் தூக்கினார்கள் என்பது எனக்கே குழம்பியது. ஏழும் ருசியில் இருந்து எடுபட்டுக் கட்டாயத்துக்குப் போயின. ஓர் இடத்தில் குறிப்புகள் குவிந்து கிடந்தால், ஒவ்வொன்றும் சொல்கிற காரணம் வேறாக இருந்தாலும், அந்த இடத்தில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

கொப்பியில் நான் முதலில் போட்ட பிரிப்பைக் கடைசிப் பிரிப்போடு வைத்துப் பார்த்தேன். முதலில் 46இல் 26 ருசி என்று போட்டிருந்தேன். கடைசியில் ருசியில் நின்றவை 12. அந்த 12இல் எட்டை அவர் சொன்னபடியே செய்தேன், நான்கில் என் வழியில் நின்றேன்.

சொற்களைக் குறைக்கும் வேலையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். முதல் நாளே 800 சொல்லை வெட்டத் தொடங்கியிருந்தால், வானுக்கான விளக்கத்தையும் நிலவு வரிகளையும் சேர்க்க இடமில்லாமல் போயிருக்கும். பிறகு எப்படியும் போகப்போகிற பந்தியை மினக்கெட்டுச் சுருக்கிக்கொண்டிருந்திருப்பேன். கட்டாயத் திருத்தங்களும் தொடக்கத்தை மாற்றியதும் முடிந்தபோது கட்டுரை 3,210 சொல்லில் நின்றது. மீதி 210 படகுக் காட்சியில் இருந்தும், முடிவில் நான் இழுத்திருந்த இரண்டு பந்தியில் இருந்தும் போயின.

திருப்பி அனுப்பிய கடிதத்தில் 46க்கும் பதில் எழுதவில்லை. முதலில் மூன்று பெரிய விஷயம்: தொடக்கம், வான் என்ற சொல், குறுவை. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி. அடுத்து, நான் ஏற்காதவற்றின் இலக்கமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணமும். மற்றவை எல்லாம் செய்தாயிற்று என்று ஒரு வாக்கியம். ஏற்காதவற்றில் ஒன்று ‘கதைத்தோம்’ என்ற சொல். இரவு முழுக்கப் பள்ளிக்கூட மாடியில் இருந்து கதைத்தோம் என்று எழுதியிருந்ததை அவர் ‘பேசினோம்’ ஆக்கியிருந்தார். நான் எழுதிய காரணம்: “பேசினோம் என்றால் அந்த இரவில் ஏதோ விஷயம் பேசியதுபோல இருக்கிறது. நாங்கள் விடியும் வரைக்கும் நித்திரை வராமல் இருப்பதற்காகக் கதைத்தோம்.” அச்சகங்களில் பிழை திருத்துகிறவர்கள், வெட்டியதை மீண்டும் நிற்கவிட ‘ஸ்டெட்’ என்று ஓரத்தில் எழுதுவார்கள். லத்தீனில் ‘நிற்கட்டும்’ என்ற பொருள். ருசிப் பக்கத்தில் நான் ஏற்காத அந்த நான்கு இடத்துக்கும் நான் ‘இருக்கட்டும்’ என்று போட்டேன்.

இரண்டாவது சுற்று ஒன்பது நாள் கழித்து வந்தது. ஐந்து குறிப்புகள்தான். ஆனால் அதில் நான்கு கட்டாயம் திருத்த வேண்டியவை, நான்கும் திருத்தும்போது நானே உண்டாக்கியவை. அப்பப்பாவின் காட்சியை நடுவுக்குக் கொண்டுபோனதால், அதற்கு முந்திய பக்கத்தில் ‘அந்த அலைகரை’ என்று, வாசகர் இன்னும் காணாத இடத்தைச் சுட்டியிருந்தேன். பக்கத்து வயல்காரரின் பெயரை எடுத்தபோது ஓரிடத்தில் விடுபட்டுப் போயிருந்தது. அது அச்சாகியிருந்தால் அவர் முகத்தில் முழித்திருக்க முடியாது. எடுத்துவிட்ட விண்ணப்பக் கதைக்கு, கடைசிப் பந்தியில் இன்னும் ஒரு சொல் மிச்சம் இருந்தது. முதற்பக்கத்துக்கு வந்துவிட்ட அப்பாவுக்கு அங்கே அறிமுகமே இல்லை. ஒரு பந்தி இடம் மாறினால், அதை முன்னும் பின்னும் சுட்டுகிற சொற்களைத் தேடிக் கட்டுரையை முதல் வரியில் இருந்து வாசித்தே ஆகவேண்டும். மாற்றிய இடத்தை மட்டும் பார்த்தால் இவை அகப்படாது. நான் அதைச் செய்யாமல் அனுப்பியிருந்தேன்.

நான்கையும் அன்றே திருத்தினேன். பெயர் வேறெங்கும் இல்லை என்று உறுதிப்படுத்தக் கோப்பு முழுவதும் தேடியும் பார்த்தேன். ஐந்தாவது குறிப்பு ‘கதைத்தோம்’ என்ற சொல்லுக்கு எதிரே இருந்தது. அதில் அவர் ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தார்: “இருக்கட்டும்.”